அயல் நின்றவன்

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு பட்டாபிஷேகப் படம் இருந்தது. நடுவில் ராமர், பக்கத்தில் சீதை, காலடியில் அனுமன், பின்னால் குடையும் சாமரமுமாகத் தம்பிகள். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியைத் துடைத்து, சட்டத்தின் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இடுவாள். ஒரு மூலைப் பொட்டு மட்டும் ஒவ்வொரு வாரமும் ஓரத்தில் நின்ற ஒருவரின் முகத்தின்மேலேயே விழும். நான் கண்ட நாளெல்லாம் அவருக்கு முகமே கிடையாது. சாமரம் பிடித்த கை மட்டும் தெரியும்.

"இது யாரும்மா?" என்று கேட்டிருக்கிறேன். "சத்ருக்னன்டா. அவனுக்கென்ன, ஓரமா நிப்பான்" என்றாள் அம்மா.

பல வருஷம் கழித்துக் கம்பனைப் படித்தபோது அம்மா வைத்த பொட்டு தப்பில்லை என்று தோன்றியது. கம்பனின் முடிசூட்டு விழாவில் அனுமன் அரியணையைத் தாங்குகிறான், அங்கதன் உடைவாள் ஏந்துகிறான், பரதன் வெண்குடை பிடிக்கிறான். சாமரம் வீசுவது யார்? 'இருவர்' என்று சொல்லிவிட்டுக் கம்பன் நகர்ந்துவிடுகிறான். இலக்குவன் ஒருவன், இன்னொருவன் இவன். காவியத்தின் ஆகப்பெரிய நாளிலும் பெயர் சொல்லி அழைக்கப்படாதவன்.

அவன் பிறப்பே அப்படி. தசரதன் பாயசத்தைப் பங்கிட்டபோது கோசலைக்கு ஒரு பங்கு, கைகேயிக்கு ஒரு பங்கு, சுமித்திரைக்கு ஒரு பங்கு. பிறகு சிந்திக் கிடந்ததையும் சேர்த்தெடுத்துச் சுமித்திரையிடமே கொடுத்தான் என்கிறான் கம்பன். சிந்தியதில் பிறந்த பிள்ளை சத்துருக்கன் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வால்மீகியும் அயோத்தியா காண்டத்தைத் தொடங்கும்போது, தாய்மாமன் வீட்டுக்குப் போன பரதனால் சத்துருக்கன் 'கொண்டுபோகப்பட்டான்' என்றுதான் எழுதுகிறார். அவன் போனான் என்று எழுதவில்லை. வைணவ உரைகாரர்களுக்கு இந்த ஒரு வினைச்சொல் போதும். இடுப்பில் செருகிய வாளையும் தோளில் கிடக்கும் அங்கவஸ்திரத்தையும் கேட்டுவிட்டா எடுத்துப்போகிறோம் என்று உருகுவார்கள். அதே சுலோகத்தில் அவனுக்கு 'நித்திய சத்துருக்களை வென்றவன்' என்றொரு அடைமொழி உண்டு. எந்தச் சத்துரு? புலன்கள் என்று முதலில் சொல்வார்கள். அதற்கும் ஒரு படி மேலே போய், ராமனுடைய அழகுதான் அந்தச் சத்துரு என்பார்கள். பரதனுக்குத் தொண்டு செய்ய வேண்டியவனை ராமனின் அழகு தன் பக்கம் இழுத்துவிடுமே, அதையும் வென்று நின்றவன் இவன் என்பது பொருள். இதை முதலில் கேட்ட அன்று எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. பெருமாளைப் பாடாமல் நம்மாழ்வாரை மட்டுமே பாடி ஆழ்வாராகிவிட்ட மதுரகவியின் வழி எதுவென்று அன்றுதான் கொஞ்சம் பிடிபட்டது.

அவன் வாயே திறக்கவில்லையா என்றால், திறந்திருக்கிறான். மந்தரையை இழுத்துப்போட்டுக் கோபத்தில் கத்தியிருக்கிறான். உத்தர காண்டத்தில் லவணாசுரனை வதைக்கப் பரதன் கிளம்பியபோது குறுக்கே வந்து, "நந்திக்கிராமத்தில் காயும் கிழங்கும் தின்று கட்டாந்தரையில் கிடந்தது போதாதா அவருக்கு? நான் போகிறேன்" என்ற பொருளில் பேசியிருக்கிறான். பேசிய மறுகணமே ராமன் அவனுக்கு ஒரு ராஜ்யத்தைக் கொடுத்து அயோத்தியைவிட்டு அனுப்பிவிட்டான். மூத்தவர்கள் பேசும்போது ஏன் வாய் திறந்தோம் என்று அவன் நொந்துகொண்டதையும் வால்மீகி எழுதியிருக்கிறார்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது கம்பனில் வரும் ஒரு சொல்தான். கங்கைக் கரையில் பரதன் வருவதைத் தூரத்திலிருந்து பார்க்கும் குகன், இவன் என் நாயகனைப்போல இருக்கிறான், பக்கத்தில் நிற்பவன் நாயகனின் தம்பியைப்போல இருக்கிறான் என்று எண்ணுகிறான். பக்கத்தில் நிற்பவனுக்குக் கம்பன் போட்ட சொல் 'அயல்'. ஆயிரக்கணக்கான பாட்டுகள் தாண்டி, யுத்த காண்டத்தின் மீட்சிப் படலத்தில், சத்துருக்கன் வாய் திறக்கும் இடத்தில் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்வதும் அதே 'அயல்'தான். பக்கம் என்றும் பொருள், அந்நியம் என்றும் பொருள். நம் மொழி இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

ஒரு கர்க்கடக மாதம், நமக்கு ஆடி, நாலம்பல யாத்திரை போனேன். திருப்பிரயாரில் ராமன், இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்யத்தில் பரதன், மூழிக்குளத்தில் லட்சுமணன், பாயம்மலில் சத்துருக்கன். நான்கு கோயிலையும் அதே வரிசையில் ஒரே நாளில் தரிசிக்க வேண்டும். விடாத மழை. சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, ஈர வேட்டியோடு, வரிசை வரிசையாக நின்றோம்.

கூடல்மாணிக்யத்தில் பரதன் நெடிதாக நிற்கிறான். தவக்கோலம் என்கிறார்கள். ஊதுவத்தி கிடையாது, கற்பூரம் கிடையாது. தாமரை மாலை மட்டும் விசேஷம். உபதேவதை என்று ஒரு சந்நிதிகூட அங்கே இல்லை. பிரகாரம் சுற்றி வரும்போதுதான் எனக்கு உறைத்தது, இங்கே பரதனுக்கு அயல் யாருமில்லை. அவன் நிழலாகத் திரிந்தவன் எங்கே?

பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் பாயம்மலில் இருக்கிறான். ஆனால் வேன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முறைப்படி லட்சுமணனைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். சாலக்குடி ஆற்றங்கரையில் இருக்கும் மூழிக்குளம் வரை தெற்கே போய், நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய அந்தப் பெருமாளைச் சேவித்து, வந்த வழியே திரும்பி வந்தோம். அருகிலேயே இருந்தவனைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் வருகிறோம் என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. டிரைவரோ நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையில் இருந்தார்.

பாயம்மல் சின்னக் கோயில். சுதர்சன சக்கரம் சமர்ப்பிப்பது அங்கே வழிபாடு. வரிசை மெல்ல நகர்ந்தது. சந்நிதிக்கு நேரே எனக்குக் கிடைத்தது நாலைந்து நொடி இருக்கும். எண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சம், கறுப்பாக ஓர் உருவம், நெஞ்சில் ஒரு மாலை. முகம் எனக்குத் தெரியவில்லை. என் கண்ணில் தண்ணீரா, மழையா, தெரியாது. முதுகில் ஒரு கை பட்டு, நகரச் சொன்னது. நகர்ந்தேன். தூணோரம் போய் நின்றேன். கால் அதற்குமேல் வரவில்லை. உடம்பு நடுங்கியது, ஈரத்தால் மட்டுமில்லை. உள்ளே யாரோ பேசத் தொடங்கினார்கள். நான் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். எனக்குள் அது ஓடிற்று, அவ்வளவுதான்.

பதினான்கு வருஷம் நான் என் அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தெற்கைத் தவிர வேறு திசையைப் பார்க்கமாட்டார். பாதுகைகளின் முன் உட்காருவார், ராஜ்யத்தின் சேதியையெல்லாம் அவற்றிடம் சொல்வார், சொல்லி முடித்ததும் முகம் தெற்கே திரும்பிவிடும். நான் பின்னால் நிற்பேன். எனக்கும் தெற்குதான் எதிரே. ஆனால் என் தெற்கில் முதலில் அவருடைய முதுகு இருந்தது. மரவுரி, அதற்குமேல் மான்தோல், அதற்குமேல் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே வந்த சடை. அதற்கப்பால் எங்கோ காடு, காட்டுக்குள் எங்கோ பெரிய அண்ணா. நான் யாரை நினைத்தேன் என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த முதுகு எலும்பு எலும்பாகத் தெரிய ஆரம்பித்த காலத்தில், ராமனைப் பிரிவது என்றால் என்னவென்று அதில்தான் படித்தேன்.

அயோத்திக்கும் நந்திக்கிராமத்துக்கும் ஒரு கூப்பிடு தூரம். யாரும் கூப்பிடவில்லை. நான் போய்வந்துகொண்டிருந்தேன். களஞ்சியக் கணக்கு, கோட்டைக் காவல், மூன்று அம்மாக்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டுவந்து அவர் காதில் போடுவேன். அவர் பாதுகைகளின் காதில் போடுவார்.

சித்திரகூடத்தில் பெரிய அண்ணா என்னைத் தழுவிக்கொண்டார். தழுவியது என்னை, பேசியது பரத அண்ணாவிடம். கைகேயி அம்மாவைப் பார்த்துக்கொள், அவளிடம் கோபம் வேண்டாம் என்று ஆணையிட்டுச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் இல்லை. குறையாக நினைக்கவில்லை. அந்த மார்பில் என் முகம் பதிந்திருந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்திருந்தால் நான் தொலைந்திருப்பேன். அந்த முகத்தை ஒருமுறை ஆசைதீரப் பார்த்தவன் வேறெங்கும் போகமாட்டான், லட்சுமணன் போனானா? நானும் அங்கேயே நின்றுவிட்டால் பாதுகையைத் தலையில் வைத்துக்கொண்டு தனியாகத் திரும்பும் இந்த மனிதருக்கு யார் இருக்கிறார்கள்? எனக்கும் ராமனுக்கும் நடுவில் என் இமையை நானே போட்டேன். மூடிய கண்ணுக்குள் மரவுரியின் மணமும் காட்டுப் புகையின் மணமும் வந்தன. பதினான்கு வருஷத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. கெடு முடியும் நாள். முடிகிற அன்று உங்களைக் காணாவிட்டால் தீயில் இறங்குவேன் என்று பெரிய அண்ணாவிடமே இவர் சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றிருந்தேன், எனக்கு மறக்குமா?

வெயில் ஏறியது, யாரும் வரவில்லை. என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றமில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"தம்பி, தீ மூட்டச் சொல். நான் போகிறேன். நீ இந்த அரசை ஏற்றுக்கொள்."

காதைப் பொத்திக்கொண்டேன். விஷம் குடித்தவன்போல நின்றேன். பிறகு தரையில் விழுந்தேன், எழுந்தேன். என் வாயிலிருந்து சொல் வந்தது. அத்தனை வருஷம் பேசாத வாய்க்கு நிதானம் இருக்குமா? நான் உங்களுக்கு என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டேன். ஆளவேண்டிய நிலத்தைக் கைவிட்டுக் காட்டுக்குப் போனவரைக் காத்துக்கொண்டு பின்னாலேயே போனான் ஒரு தம்பி. போனவர் வரவேண்டிய பொழுது தவறிவிட்டதே என்று உயிரை விடத் துணிந்து நிற்கிறார் இன்னொரு தம்பி. அயலில் நிற்கிற நான் மட்டும் வெட்கமில்லாமல் சிங்காதனம் ஏறவேண்டுமோ? ரொம்ப நன்றாக இருக்கிறது இந்த ராஜ்யம்! சொல்லும்போதே சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டும் ஒரே வாயில் வந்தன. கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. நான் கூட வருவேன் என்று இவருக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் சுட்டது. இந்த நிழலை வெட்டி இங்கே போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இவர் எப்படி நினைத்தார்?

அவர் என்னைப் பார்த்தார். பதினான்கு வருஷத்தில் முதல்முறையாகத் தெற்கைவிட்டு முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்ததுபோல இருந்தது. பதில் சொல்லவில்லை. அந்தக் கண்ணில் நான் பெரிய அண்ணாவைப் பார்த்தேன்.

தீ வளர்ந்தது. சேதி நகரத்துக்குப் போய்க் கோசலை அம்மா ஓடிவந்தாள். வயதான கால், வழியில் எத்தனை இடத்தில் விழுந்தாளோ. இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, கோடி ராமர்கள் சேர்ந்தாலும் உன் அருளுக்கு ஈடாவார்களா என்று கேட்டாள். ராமனைப் பெற்றவள் கேட்டாள்! நான் பதினான்கு வருஷம் மனத்துக்குள் வைத்திருந்து, பாவமாகிவிடுமோ என்று எனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளாத வார்த்தை அது. அதைத் தாய் வாயால் கேட்டேன். அந்தக் கணம் தீயின் சூடு எனக்குத் தெரியவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

இவர் கேட்கவில்லை. சத்தியம் சத்தியம்தான் என்று தீயை நோக்கி நடந்தார், தீயைத் தொழுதார். நான் அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதம் எங்கே படுகிறதோ அங்கே என் பாதம் அடுத்து. வேறு யோசனை இல்லை. அதனால் வானத்திலிருந்து ஒருவன் வந்து இறங்கியதை நான் பார்க்கவில்லை. ஐயன் வந்துவிட்டான் என்று அவன் கூவியது காதில் விழுந்தது, பொருள் விழவில்லை. நான் பார்த்தது கைகளை. இரண்டு பெரிய கைகள் குறுக்கே வந்து, எரிகிற விறகை அப்படியே அள்ளிப் பிசைந்தன. செந்தணல் அந்த விரல்களுக்கிடையில் கரியாயிற்று. புகை எழுந்தது. அந்த உள்ளங்கை கறுத்திருந்ததைப் பார்த்தேன். அனுமன் என்ற பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். அந்தக் கரிக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது.

எல்லோரும் அனுமனைப் பார்த்தார்கள். பிறகு தெற்கு வானத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் பரத அண்ணாவின் முகத்தைப் பார்த்தேன். விழுந்தார், எழுந்தார், ஆடினார், சிரித்தார், அழுதார். ஒட்டிக் கிடந்த கன்னத்தில் ரத்தம் ஓடியது. ராமன் அப்போது இன்னும் வந்துசேரவில்லை. ஆனால் அந்த முகத்தில் வந்துவிட்டான். எல்லோருக்கும் முன்னால், விமானம் கண்ணில் படுவதற்கும் முன்னால், நான்தான் தரிசனம் செய்தேன். ஓரத்தில் நின்றவனுக்குக் கிடைத்தது அது!

அப்புறம் வேலை வந்துவிட்டது. நந்திக்கிராமத்திலிருந்து அயோத்திவரை மேடுபள்ளம் நிரவ வேண்டும், குளிர்ந்த தண்ணீர் தெளிக்க வேண்டும், பொரியும் பூவும் தூவ வேண்டும், கொடி கட்ட வேண்டும். ஓடினேன். விமானம் இறங்கியது. யார் யாரைத் தழுவினார்கள் என்பதையெல்லாம் கவிகள் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்று என்னுடையது. முடிசூட்டுக்கு முன்னால் சடை களைய வேண்டுமே, கைதேர்ந்த நாவிதர்களை அழைத்துவந்தது நான். பெரிய அண்ணா தமக்கு முன்னால் பரதனுக்கு ஆகட்டும் என்றிருந்தார். என் அண்ணன் மணையில் உட்கார்ந்தார். நாவிதன் அந்தச் சடையைத் தொடத் தயங்கினான், அவ்வளவு இறுகிப்போயிருந்தது. நான் பக்கத்தில் போய் முடிச்சை விரலால் கொஞ்சம் நெகிழ்த்திக் கொடுத்தேன். அதில் பதினான்கு மழைக்காலத்துப் புழுதி இருந்தது, அன்றைய தீயின் சாம்பலும் ஒட்டியிருந்தது. முதல் கொத்து அறுந்து என் உள்ளங்கையில் விழுந்தது. பின்கழுத்தில் வெயிலே படாத தோல், குழந்தைக்கு இருப்பதுபோல வெளுத்துத் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள், அண்ணா" என்றேன். சாய்த்துக்கொண்டார்.